31 கிணறு, 9 நாள்: தண்ணீர்க் குழுவுக்கு நன்றியும் முழுக் கணக்கும்

வெள்ளம் வடிந்த பிறகு வந்து நின்ற எல்லோருக்கும் நன்றி. உணவுப் பொட்டலம் கட்டியவர்கள், படகு தள்ளியவர்கள், பள்ளிக் கட்டடத்தில் இரவு முழுக்கக் கண் விழித்தவர்கள் என்று எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டோம், இன்னும் சொல்லுவோம். இங்கே எழுதுவது தண்ணீர்க் குழுவில் இருந்த 14 பேருக்காக. காரணம், அவர்கள் செய்தது வெளியே யாருக்கும் தெரியவில்லை. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொட்டியது மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் அளப்பது, காத்திருப்பது, திரும்பப் போய்ப் பார்ப்பது. அந்தத் திரும்பப் போனதற்குத்தான் இந்த நன்றி.

முதலில் கணக்கு. சுத்தம் செய்ய 31 கிணறுகளை எடுத்துக்கொண்டோம், 28 கிணறுகள் மறுபடியும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன, 3 வரவில்லை. அந்த மூன்றின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் நாம் எந்தக் கிணற்றையும் தொடவில்லை, அதற்காக வாங்கிய திட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மோட்டார் இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஏன் சும்மா நிற்கிறீர்கள்?" என்று கேட்காத வீடு இல்லை. கேட்டவர்கள் மேல் தப்பே இல்லை. ஆனால் சுற்றியுள்ள மண் தண்ணீரில் ஊறிப்போய் நிற்கும்போது கிணற்றை மட்டும் ஒரே மூச்சில் இறைத்தால், வெளியே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் முழுக்க உறையின் மேல் விழும். உள்ளே எதிர்த்துத் தாங்க ஒன்றும் இருக்காது. உறை நகரும், சில சமயம் சுவரே உள்ளே சரியும். அதோடு, வெளியே தேங்கிய அழுக்குத் தண்ணீரையே நாம் உள்ளே இழுத்துக்கொள்வோம், அப்படி இறைப்பதில் என்ன பயன்? அதனால் சுற்றி நிற்கும் நீர் இறங்கும்வரை பொறுத்தோம். அந்த நாட்களில் குடிக்க லாரித் தண்ணீர்தான் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்ன நான்கு பேருக்குக் கை வலித்ததைவிட வாய் வலித்தது அதிகம்.

காத்திருந்தும் ஒன்றில் சறுக்கினோம். நான்காவதாக எடுத்த கிணற்றில் இறைக்க ஆரம்பித்தபோது முதலில் கறுப்பாக வந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பத்து நிமிடத்தில் மறுபடி கலங்கலாக வர ஆரம்பித்தது, இந்த முறை செம்மண் நிறத்தில். குழாய் முனையில் நின்ற கல்லூரித் தம்பிதான் "அண்ணா, இது சேறு இல்லை, புது மண்" என்று கத்தி மோட்டாரை நிறுத்தச் சொன்னான். கண்ணாடியை வெயிலில் பிடித்து வெளிச்சத்தைக் கிணற்றுக்குள் திருப்பிப் பார்த்தோம். கீழிருந்து மூன்றாவது உறை விரல் அகலத்துக்கு விலகியிருந்தது, அந்த இடைவெளி வழியாக மண் கொட்டிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் திடீரென்று மண் நிறத்துக்கு மாறினால் அது சுத்தமாவதன் அறிகுறி இல்லை, சுவர் போகிறது என்பதன் அறிகுறி. இன்னும் கால் மணி நேரம் ஓட்டியிருந்தால் மேடையோடு சேர்ந்து என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கிணற்றையும் ஒரே தடவையில் காலி செய்யவில்லை. பாதி இறைப்பது, நிறுத்தி ஊற விடுவது, மறுபடி பாதி. ஒரு கிணற்றுக்கு அரை நாள் என்று போட்ட திட்டம் ஒரு நாளாக நீண்டது இதனால்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆறாவது நாள், அடியில் சிக்கிய மரக்கிளையை எடுக்க ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். டீசல் பம்பு கிணற்றின் வாய்க்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு கிணற்றுக்குள் போய்த் தேங்கினால் இறங்குபவருக்கு மூச்சு முட்டுகிறது என்பதுகூடத் தெரியாது, தலை சுற்றும், கை கயிற்றை விட்டுவிடும். "விளக்கு இறக்கிப் பார்த்தோமே, அணையவில்லையே" என்றார் அவர். விளக்கு அணைவது ஆக்சிஜன் குறைந்தால்தான், கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காது. அவர் கயிற்றைப் பிடித்து இழுத்து உட்கார வைத்த பெரியவருக்கு, ஐயா, நீங்கள் போட்ட சத்தத்தில் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் கோபம் வந்தது, இன்றைக்கு அதற்குத்தான் முதல் வணக்கம். கிளையைக் கொக்கி போட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்தோம். பம்பைக் காற்று அடிக்கும் திசை பார்த்துத் தள்ளி வைத்தோம்.

சரி, இப்போது 12ஆம் எண் கிணறு. இந்தக் கிணற்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உறைக்கிணறு, குறுக்களவு 2 மீட்டர். இறைத்து, சுவரைத் தேய்த்து, சேறு வாரி, மறுபடி ஊறிய பிறகு தண்ணீர் 3 மீட்டர் ஆழம் நின்றது. 3.14 பெருக்கல் 2 பெருக்கல் 2 பெருக்கல் 3, வகுத்தல் 4. வந்தது 9.42 கன மீட்டர், அதாவது சுமார் 9,400 லிட்டர். இது வரைக்கும் பள்ளிக்கூடக் கணக்குதான். அடுத்து, இத்தனை தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் என்பதைக் கண்ணளவில் போட முடியாது. ஏனென்றால் போடும் குளோரினில் ஒரு பகுதியைத் தண்ணீரில் இருக்கும் அழுக்கே தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும்.

அதற்குத்தான் ஹாரக்ஸ் பெட்டி. ராணுவ மருத்துவர் வில்லியம் ஹாரக்ஸின் பெயரில் வழங்கும் பழைய சோதனை, இன்றைக்கும் இதைவிட எளிதாக ஒன்று நம் கையில் இல்லை. ஒரு கறுப்புக் கிண்ணம், ஆறு வெள்ளைக் கிண்ணம், 2 கிராம் பிடிக்கும் சின்னக் கரண்டி. கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி பவுடரைக் குழைத்து, குறி வரை தண்ணீர் விட்டுத் தெளிய விட வேண்டும். ஆறு வெள்ளைக் கிண்ணங்களிலும் கிணற்றுத் தண்ணீர். முதல் கிண்ணத்தில் தெளிந்த கரைசல் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஆறு வரை. கலக்கி அரை மணி நேரம் விட்டு, ஒவ்வொன்றிலும் ஸ்டார்ச்சு அயோடைடு கரைசல் மூன்று சொட்டு. எந்தக் கிண்ணம் முதலில் தெளிவான நீலமாகிறதோ, அத்தனை கரண்டி பவுடர் 455 லிட்டருக்கு வேண்டும். நீலம் வருகிறது என்றால் அழுக்கு தின்றது போகக் குளோரின் மீதி நிற்கிறது என்று அர்த்தம்.

12ஆம் எண்ணில் மூன்றாவது கிண்ணம் நீலமானது. மூன்று கரண்டி, 6 கிராம். 9,400-ஐ 455-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21 பங்கு, ஆக 124 கிராம், கொஞ்சம் கூட்டி 130 கிராம் எடுத்தோம். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கரைக்கக் கூடாது என்பதால் இரண்டு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, மேல் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்கடியில் இறக்கி மேலும் கீழும் ஆட்டினோம். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் டிபிடி மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு வர வேண்டும், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவாவது காட்ட வேண்டும்.

வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒன்றுமே இல்லை.

இங்கே நாங்கள், அதாவது ஒருங்கிணைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த நாங்கள், என்ன சொன்னோம் தெரியுமா? "தண்ணீரில் அழுக்கு அதிகம், இன்னொரு 130 கிராம் போடுங்கள், அடுத்த கிணற்றுக்குப் போகலாம்." அன்றைக்கு இன்னும் மூன்று கிணறு பாக்கி. நோட்டுப் புத்தகம் வைத்திருந்த அக்கா மட்டும் நகரவில்லை. "காலையில் கிண்ணத்தில் மூன்றில் நீலம் வந்ததே, அதே தண்ணீர், அதே அளவு, பிறகு ஏன் கிணற்றில் வரவில்லை? எது மாறியது?" என்று கேட்டார். பதில் யாரிடமும் இல்லை. அவரே கண்டுபிடித்தார்: பவுடர்தான் மாறியிருந்தது. பெட்டியோடு வந்த மூடிய சின்னப் பொட்டலத்திலிருந்து எடுத்துச் சோதனை செய்திருந்தோம், கிணற்றில் போட்டது மூட்டையிலிருந்து. அந்த மூட்டை இரண்டு நாள் வாய் கட்டாமல் ஈரத் தரையில் கிடந்தது. கிடத்தியது நாங்கள்தான்.

புதிதாக வந்த நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு, 33 சதவீதம் வரை, பயன்படக்கூடிய குளோரின் இருக்கும். காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் அது பறந்துவிடும், பவுடர் மட்டும் அதே வெள்ளையாக, அதே எடையோடு இருக்கும். பார்த்துச் சொல்ல முடியாது. மோந்து பார்த்தாலும் கொஞ்சம் நெடி அடிக்கத்தான் செய்யும். ஹாரக்ஸ் சோதனையின் அழகே அது தண்ணீரையும் பவுடரையும் சேர்த்துச் சோதிக்கிறது என்பதுதான். சோதிக்கும் பவுடரும் போடும் பவுடரும் ஒன்றாக இருந்தால் வலு குறைந்தாலும் கிண்ணமே அதைக் காட்டிவிடும். நாங்கள் அந்த ஒன்றைத்தான் கெடுத்தோம். மூட்டைப் பவுடரை வைத்து அக்கா மறுபடி ஆறு கிண்ணமும் போட்டார், ஆறிலும் நீலம் வரவில்லை.

அன்று மாலை மூட்டையை ஓரம் கட்டி, மூடி இறுகிய புது டிரம் ஒன்றைத் திறந்து அதே டிரம் பவுடரில் சோதனையைச் செய்தோம், மூன்றாவது கிண்ணத்தில் நீலம். 130 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கழித்து 0.5. அதோடு விடவில்லை. அந்த மூட்டையைத் திறந்த நாளிலிருந்து முடித்த ஐந்து கிணறுகளுக்கும் இரவு எட்டு மணிக்கு டார்ச்சோடு கிளம்பிப் போய் ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தார்கள். மூன்றில் குளோரின் இல்லை. "சுத்தம்" என்று நாம் சொல்லிவிட்டு வந்த மூன்று கிணறுகள்! அந்த வீடுகளின் கதவைத் தட்டி, "நாங்கள் சொன்னது தப்பு, காலை வரை குடிக்காதீர்கள்" என்று சொல்லப் போன மூன்று பேருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். இன்னொரு வீட்டில் உட்கார வைத்துப் பேசினார்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம், இதே குழப்பத்தில் 19ஆம் எண் கிணற்றிலும் மாத்திரை வெள்ளையாகவே இருந்தது. புதுப் பவுடர்தான், ஆனால் நிறமில்லை. இன்னும் போடலாம் என்று கை நீட்டியபோது ஒருவர் தண்ணீரை மோந்து பார்த்தார், நெடி மூக்கைத் துளைத்தது. குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் டிபிடியின் நிறத்தை அதுவே வெளுத்துவிடும். மாதிரியைச் சுத்தமான, குளோரின் இல்லாத தண்ணீரில் பத்து மடங்கு கலந்து பார்த்தபோது நல்ல சிவப்பு. யாரோ நல்லெண்ணத்தில் நமக்கு முன்பே ஒரு வாளி கொட்டியிருந்தார்கள். மாத்திரை வெள்ளையாக இருந்தால் இல்லை என்றும் அர்த்தம், அளவுக்கு மீறி இருக்கிறது என்றும் அர்த்தம்.

12-க்குத் திரும்பி வருகிறேன். புதுப் பவுடர் போட்டு 0.5 வந்த கிணறு, மறுநாள் காலை பூஜ்யம். குளோரின் இரவில் கொஞ்சம் குறைவது இயல்புதான், பக்கத்துக் கிணறுகளில் காலையில் 0.2 மீதி இருந்தது. இதில் மட்டும் அடியோடு போயிருந்தது. மறுபடி போட்டு, இந்த முறை இரண்டு பேர் கிணற்றடியிலேயே உட்கார்ந்து மணிக்கொரு முறை பார்த்தார்கள். முதல் மணியில் 0.5, இரண்டு மணி நேரத்தில் 0.2, நான்காவது மணியில் ஒன்றுமில்லை. இப்படி வேகமாக இறங்கினால், ஏற்கனவே இருந்த அழுக்கு காரணம் இல்லை, புதிது புதிதாக ஏதோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் எத்தனை கிலோ போட்டாலும் ஓட்டைப் பானையில் ஊற்றுவதுதான்.

நீர் மட்டத்தைப் பாதிக்கு இறக்கி, கண்ணாடி வெளிச்சத்தில் சுவரைச் சுற்றிப் பார்த்தோம். மேலிருந்து இரண்டாவது மூன்றாவது உறைகளின் இணைப்பில், வடக்குப் பக்கம் மட்டும், கறுப்பாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. வடக்கே எட்டடி எடுத்து வைத்தால் கழிப்பறைக் குழி. வெள்ளத்தில் அது முழுக்க மூழ்கியிருந்தது. கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அவ்வளவு இடம் எல்லோருக்கும் எங்கே இருக்கிறது, அந்த வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல நாம் யார். குழியை வண்டி வைத்து எடுக்கச் செய்தோம். இணைப்பை அடைக்கத் தன்னார்வலர் யாரையும் இறக்கவில்லை, கிணறு வேலையே தொழிலாகக் கொண்டவர் ஒருவர் வந்தார். பம்பை அணைத்து, காற்று ஊதி, இடுப்புப் பட்டையில் தனிக் கயிறும் மேலே மூன்று பேருமாக இறங்கிச் சிமெண்டால் பூசிவிட்டுப் போனார். கூலி போதும் என்று சொல்லி மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்த அவருக்கும் இந்த இடத்தில் நன்றி.

பூச்சு காய்ந்த பிறகு மறுபடி மருந்து. மாலை 0.5, காலை 0.2. அங்கேயே கைதட்டியிருப்போம், அக்கா விடவில்லை. மலக் கிருமி கலந்தால் கறுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி ஒன்றில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும் என்றார். குளோரின் இருக்கும் தண்ணீரை அதில் பிடித்தால் பயனில்லை, கிருமி இருந்தாலும் குளோரின் அதை அடக்கி வைத்திருக்கும், குப்பி பொய்யாகத் தெளிவாகவே நிற்கும். அதனால் குளோரின் முழுக்க இறங்கும்வரை நான்கு நாள் காத்திருந்தார். குழி எடுப்பதற்கு முன், குளோரின் இல்லாத நேரத்தில் பிடித்த குப்பி ஒரே இரவில் கறுத்திருந்தது. இப்போது பிடித்தது 48 மணி நேரம் கழித்தும் கறுக்கவில்லை. நம் 9 நாள் முடிந்து, எல்லோரும் வீடு திரும்பி, பேனரைக்கூட அவிழ்த்த பிறகு நடந்தது இது. இரண்டு பேர் மட்டும் தங்கியிருந்து பார்த்தார்கள்.

ஆனாலும் அந்த வீட்டில் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கச் சொல்லியிருக்கிறோம், 28 கிணற்றுக்காரர்களிடமும் அதையேதான் சொன்னோம். கிணற்றில் போடும் மருந்து அன்றைக்கு இருக்கும் தண்ணீருக்கு மட்டும்தான், நாளைக்கு ஊறி வரும் தண்ணீருக்கு அது காவல் இல்லை.

பயன்பாட்டுக்கு வராத மூன்றில் ஒன்று உறை விலகியது, அதற்குப் புது உறை இறக்க வேண்டும். மற்ற இரண்டில் தண்ணீரின் மேல் டீசல் படலம் மிதந்தது, இறைத்த பிறகும் வாடை போகவில்லை. டீசலுக்கும் பூச்சிமருந்துக்கும் உப்புக்கும் பிளீச்சிங் பவுடர் ஒன்றும் செய்யாது. அந்த இரண்டுக்கும் சிவப்புத் துணி கட்டி, துவைக்கவும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம், தண்ணீர் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். "பவுடர் போட்டுச் சரி பண்ணுங்கள்" என்று அந்த வீட்டுப் பெரியம்மா எவ்வளவோ கெஞ்சினார். போட்டிருந்தால் அவர் நிம்மதியாகக் குடித்திருப்பார். போடாமல் வந்த இரண்டு தம்பிகளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நீங்கள் செய்தது சரி, தம்பிகளே.

மூட்டையைத் தரையில் போட்ட எங்களுக்கு இனிப் பவுடர் மூடிய டிரம்மில், பலகையின் மேல்தான். திறந்த தேதியை டிரம் மேல் எழுத வேண்டும், தினமும் காலையில் முதல் கிண்ணம் அன்றைக்குப் போடப்போகும் டிரம்மிலிருந்து. அக்காவின் நோட்டைப் பிரதி எடுத்து 14 பேருக்கும் அனுப்புகிறோம். 31 கிணற்றின் அளவும் கிண்ண எண்ணும் மணி வாரியான அளவுகளும் அதில் இருக்கின்றன, அடித்துத் திருத்திய பக்கங்கள் உட்பட.

12ஆம் எண் கிணற்றில் அடுத்த குப்பி வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு. வர முடிந்தவர்கள் வாருங்கள், இரண்டு பேர் போதும். அப்புறம், கறுப்பு நைலான் கயிறு ஒன்று, ஒற்றைக் கால் ரப்பர் பூட்ஸ் ஒன்று, உடைந்த கைக்கண்ணாடி ஒன்று எங்களிடம் இருக்கின்றன. கண்ணாடி யாருடையது என்று சொன்னால் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறோம்.